இந்த நிமிடத்தில் வானத்தில் எத்தனை விமானங்கள்? விடை தெரியாத கேள்விக்கு வாய்விட்டு யோசிப்பது

கேள்வி: ஒரு நேர்காணலில், "இப்போது உலகம் முழுக்க எத்தனை விமானங்கள் வானத்தில் பறந்துகொண்டிருக்கும்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "சரியான விடை வேண்டாம், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். ஒரு பத்து லட்சம் இருக்கும் என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாதிரிக் கேள்விக்கு என்னதான் சொல்ல வேண்டும்? எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்?

பதில்:

நீங்கள் சொன்ன பத்து லட்சத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். விமானத் துறையைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர்கூட அது தப்பு என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். விமானத்துக்கு நூறு பேர் என்று வையுங்கள். பத்து லட்சம் விமானம் பறக்கிறது என்றால் பத்து கோடி பேர் இப்போது வானத்தில் இருக்க வேண்டும். உலக மக்கள்தொகை ஏறக்குறைய 800 கோடி, ஆகவே எண்பது பேரில் ஒருவர் எந்த நேரமும் பறந்துகொண்டே இருக்கிறார். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் எண்பதில் ஒரு பங்கு சுமார் 110 மணி. கைக்குழந்தையும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரும் உட்பட உலகத்தில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நாலரை நாள் வானத்திலேயே கழித்தால்தான் உங்கள் எண் சரியாகும். நம்மைச் சுற்றி விமானத்தில் காலே வைக்காதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இது நடக்காத காரியம் என்று தெரிந்துவிடும்.

இந்த நாலு வரியை அங்கேயே சொல்லி, "ஆகவே பத்து லட்சம் ரொம்ப அதிகம், குறைந்தது பத்து மடங்காவது கீழே வர வேண்டும்" என்று நீங்களே உங்கள் விடையை வெட்டியிருந்தால், முதலில் சொன்ன எண் தப்பாக இருந்தும் அவர்கள் மனதில் உங்கள் இடம் ஏறியிருக்கும். எண்ணைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை இல்லை, வேண்டுமானால் விமானங்களை நேரடியாகக் காட்டும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். தெரியாத ஒரு பெரிய எண்ணை, ஓரளவு தெரிந்த சின்னச் சின்ன எண்களாக உடைக்க வருகிறதா, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நம்பத்தக்கது என்று உங்களுக்கே தெரிகிறதா, கடைசியில் வந்த விடையைச் சந்தேகப்பட வருகிறதா, இந்த மூன்றைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வகைக் கணக்குக்கு இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரைச் சொல்வார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது, சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்த அவர், அதிர்வலை வந்து சேரும் நேரத்தில் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்து, வெடிப்பின் பலம் ஏறக்குறைய 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்றார். பின்னாளில் முறையாக அளந்து சொன்ன எண்கள் 20,000 டன்னைக் கொஞ்சம் தாண்டுகின்றன. இரண்டு மடங்கு பிசகு. காகிதத் துண்டை வைத்துப் போட்ட கணக்குக்கு இரண்டு மடங்கு பிசகு என்பது அற்புதம். உங்கள் நேர்காணலிலும் அளவுகோல் இதுதான், இரண்டு மூன்று மடங்குக்குள் வந்தால் நல்ல விடை, பத்து மடங்குக்குள் வந்தால் பரவாயில்லை, நூறு மடங்கு தள்ளிப்போனால் எங்கோ ஒரு துண்டு உடைந்திருக்கிறது.

சரி, விமானத்துக்கு வருவோம்.

முதலில் கேள்வியைக் கொஞ்சம் கெட்டிப்படுத்த வேண்டும். பயணிகள் விமானம் மட்டுமா? சரக்கு விமானம், தனியார் சிறு விமானம், ராணுவ விமானம் எல்லாம் சேர்த்தா? "இப்போது" என்றால் இந்த மணி நேரமா, நாள் முழுக்க எடுத்த சராசரியா? இதை அவர்களிடம் கேட்கலாம், ஆனால் ஏழெட்டுக் கேள்வி கேட்டு நேரத்தை ஓட்டக் கூடாது. "பயணிகளை ஏற்றிப் போகும் விமானங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நாள் சராசரியைச் சொல்கிறேன், மற்றதைக் கடைசியில் சேர்க்கலாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடிவெடுத்து நகர்ந்துவிடுவது மேல்.

அடுத்து எப்படி உடைப்பது என்பது. இங்கேதான் பலருக்கு வாய் அடைத்துப்போகிறது, ஏனென்றால் "வானத்தில் இருப்பவை" என்பது ஒரு நொடியின் படம், நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆண்டுக்கு இத்தனை பேர், மணிக்கு இத்தனை விமானம் என்ற ஓட்டக் கணக்கு. இரண்டையும் இணைக்க ஒரு எளிய உறவு இருக்கிறது. ஒரு கூடத்துக்குள் மணிக்கு நூறு பேர் நுழைகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக இரண்டு மணி நேரம் தங்குகிறார்கள் என்றால், எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் உள்ளே சுமார் இருநூறு பேர் இருப்பார்கள். உள்ளே இருப்பது என்பது வரத்து பெருக்கல் தங்கும் நேரம், அவ்வளவுதான். இதை ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார், வரிசைகளைப் பற்றிப் படிப்பவர்கள் லிட்டில் விதி என்பார்கள். நுழைவது சீராக இருக்க வேண்டும் என்றோ எல்லோரும் ஒரே நேரம் தங்க வேண்டும் என்றோ இதற்கு நிபந்தனை கிடையாது, நீண்ட கால சராசரிகள் இருந்தால் போதும். மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள், ஒரு நேரத்தில் நடக்கும் தொலைபேசி அழைப்புகள், கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் என்று "இந்த நேரத்தில் எத்தனை" என்ற கேள்வி எதுவானாலும் இதே சாவிதான்.

ஆக நமக்கு வேண்டியது இரண்டே எண்கள். மணிக்கு எத்தனை விமானம் மேலே ஏறுகிறது, ஏறினால் சராசரியாக எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது.

ஏறும் எண்ணிக்கை நேராகத் தெரியாது, பயணிகளிலிருந்து வர வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண்ணைச் சொல்லாமல் இரண்டு எண் சொல்லுங்கள், இதற்குக் கீழே போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும், இதற்கு மேலே போனால் ஆச்சரியமாக இருக்கும் என்று. பிறகு நடுவில் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த நடு, கூட்டி இரண்டால் வகுப்பது இல்லை, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது, அதாவது பெருக்குச் சராசரி. நமக்குத் தெரியாத எண்களில் பிசகு மடங்குக் கணக்கில்தான் இருக்கிறது, மூன்று மடங்கு கூடவோ மூன்று மடங்கு குறையவோ. நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே கூட்டுச் சராசரி எடுத்தால் ஐயாயிரம் வரும். அது மேல் எல்லையிலிருந்து இரண்டு மடங்குதான் தள்ளி இருக்கிறது, கீழ் எல்லையிலிருந்து ஐம்பது மடங்கு. பெருக்குச் சராசரி ஆயிரம், இரு பக்கமும் பத்து பத்து மடங்கு. கூட்டுச் சராசரி எடுப்பவர்களின் விடை எப்போதும் மேல் எல்லையின் பக்கமே சாய்கிறது, கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் காரணம் கண்ணில் படாது.

இப்போது வாய்விட்டு யோசிப்பது இப்படிப் போகும்:

"உலகத்தில் 800 கோடி பேர். ஒரு ஆண்டில் ஒரு தடவையாவது விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை சதவீதம்? ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்றால் ஆச்சரியப்படுவேன், முப்பதுக்கு மேலே என்றாலும் ஆச்சரியப்படுவேன். நடுவில் சுமார் பன்னிரண்டு. ஆக நூறு கோடிப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ஏறுகிறவர் ஆண்டுக்கு எத்தனை தடவை ஏறுவார்? போக வர என்று குறைந்தது இரண்டு. அடிக்கடி பறப்பவர்கள் சராசரியை மேலே இழுப்பார்கள், நடுவில் விமானம் மாறுவதும் தனித்தனியாகக் கணக்கில் வரும், ஆனால் சராசரி பத்தைத் தாண்டாது. நடு எண் நாலரை. அப்படியென்றால் ஆண்டுக்கு 450 கோடி ஏற்றங்கள். ஒரு விமானத்தில் சராசரி எத்தனை பேர்? ஐம்பதுக்கும் இருநூற்றைம்பதுக்கும் நடுவில், சுமார் நூற்றுப்பத்து. 450 கோடியை 110ஆல் வகுத்தால் நாலு கோடி, ஆண்டுக்கு நாலு கோடித் தடவை ஏதோ ஒரு விமானம் மேலே ஏறுகிறது. அதை 8,760 மணியால் வகுத்தால் மணிக்கு சுமார் 4,600. மேலே இருக்கும் நேரம் சராசரியாக ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், அதாவது இரண்டே கால் மணி. 4,600ஐ இரண்டே காலால் பெருக்கினால் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும். ஆகவே என் முதல் விடை பத்தாயிரம்."

இதை நிதானமாகச் சொன்னால் மூன்று நிமிடம் ஆகும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அலகு வருகிறது, ஆண்டுக்கு இத்தனை ஏற்றம், மணிக்கு இத்தனை விமானம் என்று. அலகைச் சொல்லாமல் "நாலு கோடி, வகுத்தால் நாலாயிரத்துச் சொச்சம்" என்று ஓடினால், ஆண்டை மணியாக மாற்றும் இடத்தில் 365ஐயோ 24ஐயோ விட்டுவிடுவீர்கள். இந்தக் கணக்குகளில் நான் பார்த்த பெரிய தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கின்றன, துண்டுகளை யூகிப்பதில் இல்லை. எண்களைத் தாராளமாக முழுமையாக்குங்கள். 0.1225 பெருக்கல் 800 கோடி என்று இழுத்துக்கொண்டிருந்தால் கேட்பவருக்கும் அலுப்பு, இல்லாத துல்லியத்தைக் காட்டுகிற மாதிரியும் ஆகிவிடும்.

எல்லைகள் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதில் விழுகிறார்கள். பறக்கும் நேரத்துக்கு எல்லை சொல்லச் சொன்னால், மிகக் குறைந்த பயணம் நாற்பது நிமிடம், மிக நீண்டது பதினேழு மணி நேரம், ஆகவே நடு எண் மூன்றரை மணி என்று போய்விடுவார்கள். எல்லை வைக்க வேண்டியது சராசரிக்கு, தனித்தனிப் பயணங்களுக்கு இல்லை. பதினேழு மணி நேரப் பயணம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் உலகச் சராசரி பதினேழாக இருக்க வாய்ப்பே கிடையாது. "தனிப் பயணம் எவ்வளவுக்கு எவ்வளவு" என்பதும் "சராசரி எங்கே இருக்கலாம்" என்பதும் இரண்டு வேறு கேள்விகள். இரண்டாவதன் எல்லை எப்போதும் ரொம்பக் குறுகலாகத்தான் இருக்கும்.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஒரு விமானத்தில் சராசரி எத்தனை பேர் என்று கேட்டால் நாம் ஏறிய விமானங்களை நினைத்துப் பார்ப்போம். அந்த நினைவு சாய்வானது. இரண்டே விமானங்கள் இருக்கின்றன என்று வையுங்கள், ஒன்றில் 250 பேர், மற்றதில் 50 பேர். விமானத்துக்குச் சராசரி 150. ஆனால் அந்த 300 பயணிகளையும் நிறுத்தி, "உங்கள் விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டுச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 217 வரும், ஏனென்றால் 250 என்று சொல்ல 250 பேர் இருக்கிறார்கள், 50 என்று சொல்ல ஐம்பதே பேர். நிரம்பிய விமானத்தைப் பார்த்தவர்கள் அதிகம், காலியான விமானத்தைப் பார்க்க ஆளே இல்லை. பயணிகளின் மொத்தத்தை விமானங்களின் எண்ணிக்கையாக மாற்ற வகுக்க வேண்டியது 150ஆல், அனுபவம் நமக்குச் சொல்வது 217. நேரத்துக்கும் இதே கதைதான். பெரிய விமானங்கள் தொலைதூரம் போகின்றன, அவற்றில்தான் அதிகம் பேர் இருக்கிறார்கள், ஆகவே பயணிகளைக் கேட்டு எடுக்கும் சராசரிப் பயண நேரம் விமானங்களின் சராசரியைவிட அதிகமாகவே வரும். அதோடு நாம் நேரம் என்று நினைவில் வைத்திருப்பது பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம், ஓடுபாதையில் ஊர்ந்ததும் வரிசையில் நின்றதும் அதில் சேர்ந்திருக்கும், வானத்தில் இருந்த நேரம் அதைவிடக் குறைவு. நேர்காணலில் இதில் ஒன்றை மட்டும், "என் அனுபவத்தில் விமானம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், ஆனால் அது பயணி கண்ணோட்டம், ஆகவே எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பத்தாயிரம் வந்தாயிற்று. இதை எவ்வளவு நம்பலாம்?

நாலு துண்டுகள் வைத்தோம், பறப்பவர் சதவீதம், தடவை, விமானத்துக்கு எத்தனை பேர், நேரம். முதலாவதில் எல்லை இரு பக்கமும் சுமார் இரண்டரை மடங்கு, மற்ற மூன்றிலும் சுமார் இரண்டே கால் மடங்கு. நாலும் ஒரே பக்கம் எல்லை வரை தப்பாகப் போனால் பிசகு எல்லாம் பெருகி இருபத்தேழு மடங்கு ஆகிவிடும். ஆனால் நாலும் ஒரே பக்கம் சாய எந்தக் காரணமும் இல்லை, ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். பிசகுகள் ஒன்றை ஒன்று சாராதவை என்றால், மடங்குகளின் மடக்கையை எடுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தால் சுமார் ஐந்து மடங்கு வருகிறது. அங்கே உட்கார்ந்து யாரும் மடக்கை போட மாட்டார்கள். "தனித்தனித் துண்டில் இரண்டு இரண்டரை மடங்கு சந்தேகம், மொத்தத்தில் நாலைந்து மடங்கு, ஆகவே இரண்டாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது" என்றால் போதும். துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் லாபம் இல்லை. ஒரு எண்ணை இரண்டாக உடைப்பது, அந்த இரண்டும் உடைக்காத எண்ணைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் மட்டுமே உதவும். பறப்பவர் சதவீதத்தை நாட்டு வருமானம், வயது, ஊரகம், நகரம் என்று பத்தாக உடைத்தால், உடைத்த பத்தும் வெறும் யூகமாகவே நிற்கும்.

இதற்கு மேல் நம்பிக்கையைக் கூட்ட ஒரே வழி, வேறு வாசல் வழியாக உள்ளே வருவது. இதில் பலர் செய்வது போலிச் சோதனை. பத்தாயிரம் விமானம், 110 பேர், ஆக 11 லட்சம் பேர் வானத்தில், ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர், ஆண்டுக்கு ஆளுக்குச் சராசரி ஒன்றேகால் மணி நேரம், நியாயமாக இருக்கிறது என்பார்கள். உங்கள் பத்து லட்சத்தை நான் இப்படித்தான் வெட்டினேன், அங்கே அது உண்மையான சோதனை, ஏனென்றால் அந்தப் பத்து லட்சம் பயணிகளிலிருந்து வந்த எண் இல்லை. இந்தப் பத்தாயிரமோ பயணிகளிலிருந்தே வந்தது. அதே எண்களைத் திருப்பிப் போட்டால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

உண்மையான இரண்டாம் வாசல், பயணிகளை அடியோடு மறந்துவிட்டு விமானங்களிலிருந்து வருவது. உலகத்தில் மொத்தம் எத்தனை பயணிகள் விமானம் இருக்கும்? மிகப் பெரிய நிறுவனங்களிடம் பல நூறு விமானங்கள் இருக்கும், உச்சியில் இருப்பவற்றிடம் ஆயிரத்தைத் தொடும். அப்படிப்பட்டவை பத்து, ஆளுக்கு அறுநூறு என்றால் ஆறாயிரம். நடுத்தர நிறுவனங்கள் ஐம்பது, ஆளுக்கு நூற்றைம்பது என்றால் ஏழாயிரத்து ஐந்நூறு. சிறியவை நானூறு, ஆளுக்கு இருபது என்றால் எட்டாயிரம். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இனி ஒரு விமானம் நாளில் எவ்வளவு நேரம் பறக்கும்? தரையில் நின்றால் அது சம்பாதிக்காது, ஆகவே நிறுவனம் அதை முடிந்தவரை மேலேயே வைத்திருக்கும். ஆனால் ஆள் ஏற்ற, இறக்க, எரிபொருள் நிரப்ப, சுத்தம் செய்ய, பராமரிக்க நேரம் போகும், நள்ளிரவுப் பயணங்களும் எல்லாத் தடத்திலும் கிடையாது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருக்கலாம், பட்டறையில் கிடப்பவற்றையும் நினைத்து ஒன்பது மணி என்று வைக்கிறேன். இருபத்து நாலில் ஒன்பது, அதாவது ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டி வரும். இருபதாயிரத்தில் அது சுமார் எட்டாயிரம்.

ஒரு வாசல் பத்தாயிரம் என்கிறது, இன்னொன்று எட்டாயிரம் என்கிறது. இரண்டுக்கும் பொதுவான துண்டு ஒன்றுகூட இல்லை, ஒன்று தேவையிலிருந்து வந்தது, மற்றது இருப்பிலிருந்து. இப்போதுதான் "எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம்" என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். உண்மை எண்களையும் சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் விமானப் பயணிகள் சுமார் 450 கோடி, பயணங்கள் சுமார் 3.9 கோடி. நம் கணக்கு இதற்கு இவ்வளவு அருகில் வந்தது திறமை இல்லை, பிசகுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்ட அதிர்ஷ்டம். இன்னொரு நாள் இதே முறை மூன்று மடங்கு தள்ளிப்போய் நிற்கும், அப்போதும் முறையில் குற்றம் இருக்காது.

இரண்டு வாசலும் பத்து மடங்கு வித்தியாசத்தில் வந்தால் நடுவில் ஒன்றை எடுத்துச் சமாதானம் ஆகாதீர்கள். அப்போது ஏதோ ஒரு துண்டு உடைந்திருக்கிறது, நாலைந்து துண்டில் எது பலவீனமானது என்று உங்களுக்கே தெரியும், அங்கே போய்த் தேடுங்கள், தேடுவதையும் வாய்விட்டே செய்யுங்கள்.

"இப்போது" என்பதைத் தள்ளிவைத்தோமே, அது சின்ன விஷயம்தான். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் இரவாகாது, ஆனாலும் பசிபிக் கடலில் ஆளே இல்லை, ஐரோப்பாவில் மதியமும் அமெரிக்காவில் காலையுமாக இருக்கும் நேரத்தில் வானம் நெருக்கமாக இருக்கும். சராசரியிலிருந்து பாதியளவு கூடும் குறையும் என்று சொல்லிவிட்டு நகரலாம். சரக்கு விமானங்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், விடை பெரிதாக மாறாது.

புதிர்க் கேள்விகளைப் பற்றியும் ஒரு பத்தி. ஒன்பது நாணயம், ஒன்று மட்டும் எடை குறைவு, தராசு இருக்கிறது, எத்தனை தடவை நிறுத்தால் அதைக் கண்டுபிடிக்கலாம் என்பது மாதிரி. இதற்குச் சரியான விடை உண்டு, ஆனாலும் பழக்கம் அதேதான், விடைக்கு முன்னால் எல்லை. தராசு ஒரு தடவைக்கு மூன்று பதில்தான் சொல்லும், இடது, வலது, சமம். ஒரு தடவையில் மூன்றைப் பிரிக்கலாம், இரண்டு தடவையில் ஒன்பதை. ஆகவே ஒரு தடவை போதவே போதாது, இரண்டு போதலாம். மூன்றும் ஒரே அளவு பயன்பட வேண்டும் என்பதிலிருந்தே மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடுகிறது. எல்லையைத் தேடப் போனவருக்கு விடையே கிடைத்துவிடும். மற்றபடி, வாய்விட்டு யோசித்தாலும் ஒரு தந்திரம் மின்னாமல் நகராத புதிர்களை வைத்து ஆள் எடுப்பது பயனற்றது என்பது என் கருத்து. கூகுளின் ஆள்வளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் 2013இல் புதிர்க் கேள்விகள் நேர விரயம் என்று வெளிப்படையாகச் சொன்னார், ஆனால் அவர் இந்த விமானக் கேள்வி மாதிரியான மதிப்பீட்டுக் கேள்விகளையும் அதில் சேர்த்தே சொன்னார்.

கடைசியாக, நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கணக்கு முடிந்ததும் கேட்பவர் சும்மா விடமாட்டார், நடுவில் ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார். "சராசரிப் பயணம் நாலு மணி நேரம் என்று எங்கோ படித்தேனே?" என்பார். இரண்டு வகையில் சொதப்பலாம், என் எண்தான் சரி என்று அடம்பிடிப்பது, அல்லது மொத்தக் கணக்கையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. செய்ய வேண்டியது அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றுவது. 4,600 பெருக்கல் நாலு, சுமார் பதினெட்டாயிரம். உடனே இரண்டாம் வாசலுக்குப் போங்கள். உலகத்தில் இருபதாயிரம் விமானம்தான் இருக்கிறது, அதில் பதினெட்டாயிரம் எந்த நேரமும் மேலே என்றால் ஒவ்வொன்றும் நாளுக்கு இருபத்தொன்றரை மணி நேரம் பறக்க வேண்டும். ஆள் ஏற்றவே நேரம் இருக்காது. ஆகவே அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "நாலு மணி என்பதை ஏற்றுக்கொண்டால் உலகத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் விமானம் இருக்க வேண்டும், அது நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு, முடியாதது இல்லை. ஆனால் நீங்கள் படித்தது பயணிகளைக் கேட்டு எடுத்த சராசரியாக இருந்தால் தொலைதூரப் பயணங்கள் அதில் அதிகமாகக் கலந்திருக்கும், விமானங்களின் சராசரி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அது எந்தச் சராசரி என்று ஞாபகம் இருக்கிறதா?"